கிளட்ச் எங்கே பிடிக்கிறது? சிமுலேட்டரில் பெடலையும் கியரையும் பொருத்தும் முறை

டிரைவிங் சிமுலேட்டரின் கிளட்ச் பெடல் ஓர் எண்ணை மட்டுமே கணினிக்கு அனுப்புகிறது. கால் அழுத்த அழுத்த அந்த எண் மாறும். கால் எடுத்தால் பழைய எண்ணுக்குத் திரும்பும். உண்மையான காரில் பெடலுக்கும் கிளட்ச் தட்டுக்கும் நடுவே ஒரு கேபிளோ எண்ணெய் நிரம்பிய குழாயோ இருக்கிறது. சிமுலேட்டரில் அந்த இடத்தில் இருப்பது ஓர் ஒயரும் சில கணக்குகளும்தான். கணக்கு சரியாக இல்லையென்றால் பல வருடம் கார் ஓட்டியவர்கூட முதல் கியரைப் போட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு விழிப்பார். கியர் விழாமல் கரகரவென்று சத்தம் வரலாம். முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் மட்டும் சீறிக்கொண்டு கார் பின்தங்கலாம். ஓட்டுபவர் தன் காலைக் குறை சொல்வார். தவறு பெரும்பாலும் காலில் இருக்காது.

எல்லாக் கருவிகளையும் பொதுவாகப் பேசினால் எதுவும் கைக்கு வராது என்பதால், ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பது நல்லது. லாஜிடெக் நிறுவனத்தின் ஜி29 ஸ்டீயரிங்கும் அதோடு வரும் மூன்று பெடல்களும், தனியாக விற்கப்படும் டிரைவிங் ஃபோர்ஸ் ஷிஃப்டரும், விண்டோஸ் கணினியும், அதில் பீம்என்ஜி டிரைவ் என்ற சிமுலேட்டரும் இங்கே உதாரணம். ஜி29, 2015இல் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் உருவான பீம்என்ஜி, ஸ்டீம் கடையில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கார் நொறுங்குவதைப் படம்பிடிக்கும் விளையாட்டு என்றே பலருக்கு அதைத் தெரியும். ஆனால் கிளட்ச் பழகுவதற்கு அது நல்ல களம். கிளட்சைத் தவறாக விட்டால் அதில் எஞ்சின் நிஜமாகவே அணைந்துபோகும். பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட சில சிமுலேட்டர்களில் எஞ்சின் அணையவே அணையாது. அங்கே கிளட்ச் சரியாக அமைந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே கடினம்.

முதல் வேலை தரையில் தொடங்குகிறது. பெடல் பலகை நகரக் கூடாது, நாற்காலியும் நகரக் கூடாது. ஜி29 பெடல் பலகையின் அடியில் கம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் பற்கள் உண்டு. நம் வீடுகளின் டைல்ஸ் தரையில் அவற்றால் பயன் இல்லை. பிரேக்கை ஓங்கி மிதித்தால் பலகை வழுக்கிக்கொண்டு முன்னே போகும். சுவரை ஒட்டி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தால் அது நின்றுவிடும். சக்கரம் வைத்த நாற்காலியின் தொல்லை இதைவிடப் பெரியது. கால் முன்னால் தள்ளினால் உடல் பின்னால் போகும், பெடல் முழுதாக இறங்காது. நாற்காலியின் இரண்டு கால்களையும் பெடல் பலகையையும் ஒரு பட்டையால் இழுத்துக் கட்டுவது மலிவான தீர்வு. சக்கரமே இல்லாத சாதாரண நாற்காலி அதைவிட மலிவு. அளவு எடுக்க வேண்டிய பொருளே இடம் மாறிக்கொண்டிருந்தால் பிறகு செய்யும் கேலிபரேஷனுக்கு அர்த்தமில்லை.

உட்காரும் தூரத்தைக் கிளட்ச் பெடலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மூன்று பெடல்களில் அடிவரை அழுத்தியே தீர வேண்டியது அது ஒன்றுதான். கிளட்சை முழுதாக அழுத்திய நிலையில் இடது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும்; நீண்டு விறைத்திருந்தால் நாற்காலி தள்ளி இருக்கிறது என்று பொருள். குதிகால் தரையில் ஊன்றியபடி முன்பாதம் மட்டும் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கட்டுப்படுத்த முடிகிறதா என்றும் பார்க்கலாம். ஹாஃப் கிளட்ச் வேலை முழுவதும் அந்தச் சில சென்டிமீட்டரில்தான் நடக்கப்போகிறது.

ஷிஃப்டரை எந்தப் பக்கம் பொருத்துவது என்பதில் ஒரு சிறு யோசனை தேவை. மேசை விளிம்பில் இறுக்கும் பிடிகள் இருப்பதால் இரு பக்கமும் வைக்கலாம். சிமுலேட்டர்களில் வரும் கார்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை; படங்களிலும் காணொளிகளிலும் ஷிஃப்டர் வலப்பக்கம் இருப்பது அதனால்தான். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சாலையில் ஓட்டப்போகிறவர் அதைப் பார்த்து வைத்தால், பழக வேண்டிய கைக்குப் பதிலாக வேறு கையைப் பழக்கிக்கொள்வார். இடப்பக்கம் பொருத்துவதே அவருக்குச் சரி. பொருத்திய பின் இரண்டாவது கியருக்குக் கொஞ்சம் வேகமாக இழுத்துப் பார்த்து, மேசை வளைகிறதா, ஷிஃப்டர் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இனி கணினிப் பக்கம். ஜி29இன் பெடல்களிலிருந்தும் ஷிஃப்டரிலிருந்தும் வரும் ஒயர்கள் ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரே யுஎஸ்பி ஒயர் கணினிக்குப் போகிறது. இதனால் கணினிக்கு மூன்றும் ஒரே கருவியாகத் தெரிகின்றன. பெடலும் ஷிஃப்டரும் தனித்தனி யுஎஸ்பி ஒயரோடு வரும் அமைப்புகளில் இந்த வசதி இல்லை. அங்கே ஒயரை வேறு துளைக்கு மாற்றினால் சிமுலேட்டர் பழைய ஒதுக்கீட்டை மறந்துவிடுவது உண்டு. எந்த ஒயர் எந்தத் துளை என்று குறித்துவைப்பது பின்னால் உதவும்.

ஜி29 பெடல்களுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்; பழைய வானொலியின் ஒலிக்குமிழில் இருக்கும் அதே வகைப் பாகம். பெடல் சுழலும்போது உள்ளே ஒரு முனை மின்தடைப் பட்டையை உரசிக்கொண்டு நகர, மின்னழுத்தம் மாறுகிறது, அது எண்ணாகிறது. உரசும் பாகம் என்பதால் தூசி படியும், தேயும். அப்போது எண் நடுங்கும். சில இடங்களில் திடீரென்று குதிக்கவும் செய்யும். விலை கூடிய பெடல்களில் காந்தத்தின் நகர்வை உணரும் ஹால் சென்சார் இருக்கும். அதில் உரசலே இல்லை.

ஒயரை இணைத்ததும் ஸ்டீயரிங் தானாக இரு பக்கமும் சுழன்று தன் எல்லைகளைக் கண்டுகொள்கிறது. பெடல்களுக்கு அப்படிச் சுழலும் மோட்டார் கிடையாது. அவற்றின் எல்லையைக் காலால்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கிய பிறகும் மூன்று பெடல்களையும் ஒருமுறை அடிவரை அழுத்தி விட்டுவிடுவது இதற்காகத்தான். இதைச் செய்யாதபோது வேடிக்கையான ஒரு கோளாறு வரும். பெடலிலிருந்து முதல் சமிக்ஞை வரும்வரை சில விளையாட்டுகள் அதைப் பாதி அழுத்தியதாகவே எடுத்துக்கொள்ளும். கார் புறப்படவே மறுக்கும். கிளட்சை ஒருமுறை தொட்டதும் சரியாகிவிடும். பழுது என்று நினைத்துப் பெடலைக் கழற்றியவர்கள் உண்டு.

சிமுலேட்டரைத் திறக்கும் முன்பே பெடல்களைச் சோதிக்க ஓர் எளிய வழி விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் `joy.cpl` என்று தட்டச்சு செய்தால் கருவிகளின் பட்டியல் வரும். ஸ்டீயரிங்கின் பெயரைத் தேர்ந்து Properties பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு பட்டை தெரியும். ஒரு பெடலை அழுத்தினால் ஒரு பட்டை மட்டும் நகர வேண்டும். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே பட்டையை எதிரெதிராக இழுத்தால், லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் Combined Pedals என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணைக்க வேண்டும். பழைய விளையாட்டுகளுக்காக விட்டுவைத்த வசதி அது. இதே ஜன்னலில் கேலிபரேஷன் செய்வதற்கான பகுதியும் கண்ணில் படும். அதைத் தொடாமல் விடுவதே மேல். பெடலை அளந்து எண்ணாக்கும் வேலை ஏற்கெனவே ஸ்டீயரிங்கின் உள்ளே நடந்துவிடுகிறது. அதன் மேல் விண்டோஸும் ஒருமுறை அளந்தால் இரண்டு திருத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது எங்கே கெட்டது என்றே தெரியாமல் போகும்.

இப்போது கேலிபரேஷன். எந்தப் பெடலுக்கும் இரண்டு முனைகள் உண்டு: கால் படாத ஓய்வு முனை, அடிவரை அழுத்திய இறுதி முனை. ஓய்வில் 0 விழுக்காடும் இறுதியில் 100 விழுக்காடும் வர வேண்டும். ஆனால் நடைமுறையில் கால் படாதபோதே ஒன்று, இரண்டு என்று நடுங்கும். அடிவரை அழுத்தினாலும் 97இல் நின்றுவிடும். இதற்குத்தான் டெட்ஸோன். ஒரு முனையை ஒட்டிய சிறு பகுதியைக் கணக்கில் எடுக்காமல் அந்த முனையாகவே கொள்ளச் சொல்வது அது. பீம்என்ஜியில் Options, Controls, Bindings என்று போய், கிளட்சுக்கு ஒதுக்கப்பட்ட வரியைத் திறந்தால் ஓய்வு முனைக்கும் இறுதி முனைக்கும் தனித்தனி டெட்ஸோன்கள் கிடைக்கும்.

கிளட்சில் இந்த இரு முனைகளும் செய்யும் வேலை வேறு வேறு. ஓய்வு முனை கெட்டால், கால் எடுத்த பிறகும் கிளட்ச் இரண்டு மூன்று விழுக்காடு அழுந்தியிருப்பதாகக் கணினி நம்பும். பெடலின் மேல் கால் சும்மா இருந்தாலே இது பத்து விழுக்காட்டைத் தாண்டலாம். மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது எஞ்சின் சுழற்சி ஏறும், வேகம் ஏறாது, கிளட்ச் வழுக்குகிறது. பீம்என்ஜியில் அது சூடேறவும் செய்யும். இறுதி முனை கெட்டால் கோளாறு தலைகீழாக வரும்: அடிவரை மிதித்தும் கிளட்ச் முழுதாக விலகாது, கியர் போடும்போது பற்கள் உரசும் சத்தம் கேட்கும், முதல் கியரில் நின்றிருக்கும் கார் மெல்ல ஊர்ந்துபோகப் பார்க்கும். ஆக, வழுக்கினால் மேல்முனையைப் பார், கரகரத்தால் அடிமுனையைப் பார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் கிளட்ச் தொல்லைகளில் பாதியைத் தேடாமலே கண்டுபிடித்துவிடலாம்.

பிரேக்கைப் பொறுத்தவரை ஜி29க்கு ஒரு தனிக் குணம். அதன் பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது. பாதி தூரத்துக்குப் பின் பெடல் கெட்டியாகி, அடிவரை போவதற்கு உடலின் பாரத்தையே போட வேண்டியிருக்கும். வழக்கமாக ஓங்கி மிதிக்கும் அழுத்தத்தில் பட்டை 85இல் நிற்கிறதென்றால் இறுதி முனை டெட்ஸோனை 15 ஆக்கிவிட வேண்டியதுதான். அந்த அழுத்தமே 100 ஆகிவிடும். ரப்பரைக் கழற்றி எறிபவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெடல் பஞ்சுபோல் ஆகி, எவ்வளவு மிதித்தோம் என்று காலுக்குத் தெரியாமல் போகும். தூரத்தை விட்டு அழுத்தத்தை அளக்கும் லோட்செல் வகைப் பிரேக்கிலும் இதே நெறிதான்: ஒரு மணி நேரம் சலிக்காமல் திரும்பத் திரும்பத் தரக்கூடிய அழுத்தத்தை 100 ஆக வைக்க வேண்டும், ஒருமுறை பல்லைக் கடித்துத் தரும் உச்ச அழுத்தத்தை அல்ல. ஆக்சிலரேட்டரில் பேச அதிகமில்லை. இரு முனையிலும் இரண்டு மூன்று விழுக்காடு போதும்.

ஷிஃப்டர் எண் தருவதில்லை, பொத்தான் தருகிறது. நெம்புகோல் மூன்றாவது கியரில் இருக்கும்வரை மூன்றாவது கியருக்கான பொத்தான் தொடர்ந்து அழுத்தப்பட்டதாகக் கணினிக்குத் தெரியும். எந்தப் பொத்தானும் அழுந்தவில்லை என்றால் அது நியூட்ரல். `joy.cpl` ஜன்னலில் நெம்புகோலை ஒவ்வோர் இடமாக மாற்றினால் அந்தந்த விளக்கு எரிவதைப் பார்க்கலாம். ஆறு முன் கியர்கள். ரிவர்ஸுக்கு நெம்புகோலைக் கீழே அழுத்தியபடி வலப்பக்கம் பின்னுக்கு, அதாவது ஆறாவது கியரின் இடத்துக்கு இழுக்க வேண்டும். ஷிஃப்டரின் உள்ளேயும் பொட்டென்ஷியோமீட்டர்கள்தான் இருக்கின்றன; பக்கவாட்டு நகர்வுக்கு ஒன்று, முன்பின் நகர்வுக்கு ஒன்று. இந்த இரண்டின் அளவையும் வைத்து இது எந்தக் கியர் என்று மின்சுற்று தீர்மானிக்கிறது. ஆகவே மூன்றாவது போட்டால் ஐந்தாவது விழுகிறது என்ற புகார் வந்தால், பக்கவாட்டு நகர்வை அளக்கும் பாகத்தில் தூசி படிந்திருக்கும் அல்லது ஷிஃப்டர் மேசையில் தளர்ந்திருக்கும். கியரில் இருக்கும்போதே விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், ஓட்டும்போது கார் நொடிக்கு நொடி நியூட்ரலுக்கு விழுந்து எழும். ஒயர் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும். கியர் இடங்களை மென்பொருளில் அளந்து பதியும் வசதி த்ரஸ்ட்மாஸ்டர் டிஎச்8ஏ போன்ற ஷிஃப்டர்களில் உண்டு.

பீம்என்ஜிக்குள் ஷிஃப்டர் உயிர்பெற, கியர்பாக்ஸ் நடத்தையை Arcade நிலையிலிருந்து Realistic நிலைக்கு மாற்ற வேண்டும். தானியங்கி கிளட்ச் உதவி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கிளட்ச் பெடல் எதற்கும் கட்டுப்படாததுபோல் தோன்றும். கணினி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கிளட்சைத் தானே இயக்கிக்கொண்டிருக்கும்.

முனைகள் இரண்டும் சரியான பிறகே கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். உண்மையான காரில் கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது வட்டமான ஒரு ஸ்பிரிங் தகடு. பெடலை மிதித்தால் அந்தப் பிடி தளர்ந்து தட்டு விலகும். விடும்போது, முதல் சில சென்டிமீட்டரில் எதுவும் நடக்காது. தட்டு இன்னும் ஃபிளைவீலைத் தொட்டிருக்காது. பிறகு மெல்லத் தொட்டு வழுக்கத் தொடங்கும்; இன்னும் கொஞ்சம் விட்டால் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் மீதியுள்ள தூரம் வெறும் தளர்வு. அதாவது பெடலின் மொத்தத் தூரத்தில் நடுவே உள்ள ஒரு பட்டையில்தான் ஹாஃப் கிளட்ச் இருக்கிறது. கீழேயும் மேலேயும் இருப்பது வெற்றுத் தூரம்.

சிமுலேட்டரின் கணக்கில் அந்த வெற்றுத் தூரம் கிடையாது. எளிய கணக்கு முறையில், பெடலை எத்தனை விழுக்காடு விட்டிருக்கிறோமோ அத்தனை விழுக்காடு முறுக்குவிசையைக் கிளட்ச் கடத்தும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இதனால் வரும் விளைவைச் சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார். அதன் கிளட்ச் அதிகபட்சம் 160 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கும் என்று கொள்வோம். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து எஞ்சினின் முறுக்குவிசையைச் சக்கரத்தில் 14 மடங்காக்குகின்றன. சமதரையில் மெதுவாகப் புறப்பட இந்தக் காருக்குச் சுமார் 630 நியூட்டன் விசை போதும். சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர் என்றால், கிளட்ச் வழியாகப் போக வேண்டியது ஏறத்தாழ 13 நியூட்டன் மீட்டர் மட்டும். அது 160இல் 8 விழுக்காடு.

பெடல் மொத்தம் 8 சென்டிமீட்டர் நகர்கிறது என்றால், அடியிலிருந்து வெறும் 6 மில்லிமீட்டர் தூக்கியதும் கார் புறப்பட்டுவிடும். சாலையில் நடுத்தூரம் வரை தாராளமாகக் கால் எடுத்துப் பழகியவர் அதே பழக்கத்தில் சிமுலேட்டரில் விட்டால், அந்த ஒரு நொடியில் கிளட்ச் பாதிக்கு மேல் பிடித்திருக்கும். எஞ்சின் அணையாமல் என்ன செய்யும்?

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டில் அதே கார் புறப்பட 32 நியூட்டன் மீட்டர் வேண்டும், அதாவது 20 விழுக்காடு. ஆக, கிளட்ச் பிடிக்கும் இடம் என்பது பெடலில் குறித்துவைத்த ஒரு புள்ளி அல்ல. கிளட்ச் கடத்தும் விசை, காரை நகர்த்தத் தேவையான விசையைத் தாண்டும் இடம் அது. மேட்டுக்கு ஏற்ப, சுமைக்கு ஏற்ப நகரும். இதனால்தான் பல சிமுலேட்டர்களில் அதற்கென்று தனி அமைப்பைத் தேடினால் கிடைக்காது. முனைகளை நகர்த்தித்தான் அதை நகர்த்த வேண்டும்.

இறுதி முனை டெட்ஸோனை 30 விழுக்காடாக உயர்த்தினால், அடியிலிருந்து முதல் 30 விழுக்காடு தூரம் கிளட்ச் முழுதாக அழுந்தியதாகவே இருக்கும். உண்மைக் காரின் கீழ் வெற்றுத் தூரம் வந்துவிட்டது. ஓய்வு முனையில் 10 விழுக்காடு வைத்தால் மேலே தளர்வும் வந்துவிடும். வேலை நடக்கும் பகுதி நடுவில் உள்ள 60 விழுக்காடு. சமதரையில் கார் பிடிக்கும் இடம் இப்போது அடியிலிருந்து 35 விழுக்காடு, மேட்டில் 42. பெடலின் தூரமாகச் சொன்னால் ஏறத்தாழ 2.8, 3.4 சென்டிமீட்டர். கால் எதிர்பார்க்கும் இடம்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நூறு விழுக்காடு வேலையை அறுபதில் அடக்கியதால் பெடல் கூர்மையாகிவிட்டது. முன்பு சமதரைக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு நெருக்கமான இடைவெளி இருந்தது. இப்போது 6 மில்லிமீட்டர்கூட இல்லை. இதைத் தணிக்க Linearity என்ற அமைப்பு உதவும். அது 1 ஆக இருந்தால் கோடு நேராகப் போகும், மாற்றினால் வளையும். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் நுணுக்கம் தேவைப்படுவது அழுத்தத் தொடங்கும் பக்கத்தில். கிளட்சில் அது அடிப்பக்கத்தில். பிரேக்குக்குப் பழகிய வளைவை அப்படியே கிளட்சுக்கும் வைத்தால், மென்மை வேண்டிய இடம் இன்னும் கூர்மையாகிவிடும். கிளட்சுக்கு 1க்குக் கீழே, சுமார் 0.7 என்று வைத்துத் தொடங்கலாம். திசை சரியா என்று பார்க்க, டெட்ஸோன்களைப் போடுவதற்கு முன் பெடலைச் சரியாகப் பாதி அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையில் அறுபதுக்குச் சற்று மேலே காட்டினால் வளைவு சரி. நாற்பதுக்குக் கீழே காட்டினால் தலைகீழ். 0.7 வைத்து அதே டெட்ஸோன்களைப் போட்டால் சமதரை இடம் 37, மேட்டு இடம் 46 விழுக்காடு என்று விரியும். நடுவில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் கிடைக்கும். காலுக்கு அது போதுமான வித்தியாசம்.

கணக்கை விட்டுவிட்டுத் திரையிலேயே கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது; கடைசியில் நம்ப வேண்டியதும் அதைத்தான். பீம்என்ஜியில் இபிஷு கோவெட் என்ற சிறிய காரின் மேனுவல் கியர் வகையை எடுத்து, சமமான மைதானத்தில் நிறுத்தி, பெடல் அளவைக் காட்டும் பட்டையைத் திரையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிரேக் போட்டு, கிளட்சை அடிவரை அழுத்தி, முதல் கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மிக மெதுவாக விட வேண்டும். ஆர்பிஎம் முள் முதன்முதலாகச் சற்றே கீழிறங்கும் இடத்தில் கால் நிற்க வேண்டும். எஞ்சின் ஒலியும் அப்போது ஒரு படி கனத்துக் கேட்கும். அதுதான் பிடிக்கத் தொடங்கும் இடம். காலை அங்கேயே வைத்துக் குனிந்து பார்த்தால் பெடல் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஐந்தாறு முறை செய்தால் ஒரே இடத்தில் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் வந்தால் அமைப்பில் தவறில்லை. பெடல் பலகை நகர்கிறது அல்லது பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது.

அந்த இடம் அடிக்கு மிக அருகில் இருந்தால் இறுதி முனை டெட்ஸோனை ஐந்து ஐந்தாக ஏற்றலாம்; மிக மேலே இருந்தால் குறைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியதும் கைப்பிரேக் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு கைப்பிரேக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டர் இல்லாமல் கிளட்சை மட்டும் வைத்துக் காரை ஊர்ந்துபோகச் செய்து பார்க்கலாம். டிரைவிங் பள்ளிகளில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அதுவே. அது கைவந்தால் மேட்டுக்குப் போய்ப் பின்னால் உருளாமல் நிறுத்திப் பிடிக்கிறதா என்று சோதிக்கலாம். கடைசியாக, நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து எஞ்சின் சுழற்சி காரின் வேகத்தோடு மட்டுமே ஏறுகிறதா என்று பார்ப்பது. முள் தனியாகப் பாய்ந்தால் ஓய்வு முனை டெட்ஸோன் போதவில்லை.

எவ்வளவு நன்றாக அமைத்தாலும் இதில் கிடைக்காத ஒன்று உண்டு. உண்மைக் காரில் கிளட்ச் பிடிக்கும்போது பெடலின் எதிர்ப்பு மாறும், உடம்பு லேசாக முன்னே இழுபடும், இருக்கை அதிரும். ஜி29 பெடலுக்குள் இருப்பது சாதாரண ஸ்பிரிங். எந்த இடத்தில் பிடித்தாலும் அது ஒரே மாதிரிதான் தள்ளும். ஆகவே சிமுலேட்டரில் பழகுபவர் காதையும் ஆர்பிஎம் முள்ளையும் கூர்ந்து நம்பப் பழகுகிறார். சாலைக்கு வரும்போது காதின் பழக்கம் உதவும். பெடலின் இடம் உதவாது. ஒவ்வொரு காரிலும் அது வேறு. கிளட்ச் தட்டு தேயத் தேய ஒரே காரிலும் பொதுவாக மேலே ஏறிக்கொண்டு போகும்.

சிமுலேட்டருக்குள்ளேயும் கார் மாறினால் இடம் மாறும். எடை கூடிய லாரியின் கிளட்ச் பெரிய முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டது. பந்தயக் காரின் எஞ்சின் குறைந்த சுழற்சியில் நிற்கவே நிற்காது. கோவெட்டுக்கு அமைத்த டெட்ஸோன்களை அவற்றுக்காக மாற்ற வேண்டியதில்லை. முனைகள் பெடலுக்குச் சொந்தமானவை, காருக்கு அல்ல. புதிய காரை எடுத்ததும் கைப்பிரேக் சோதனையை இரண்டு முறை செய்து முள் எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். பெடலைக் கழற்றித் துடைத்தாலோ ஸ்பிரிங் மாற்றினாலோ மட்டும் `joy.cpl` ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.